சதுர அடைப்புக்குள் ஜூன்

ஆவணப் பட்டியல் படிக்கத் தெரியாமலேயே ஆவணங்களைப் பற்றிப் பத்தி எழுதிக்கொண்டிருந்தவன் நான். மூலக் கடிதங்களைப் பார்த்தால் தெரியும் என்று எழுதுவேன். பார்த்ததில்லை. பிறகு ஒரு பத்திரிகைக்கு டார்வினின் கடிதங்கள் பற்றி எழுத ஒப்புக்கொண்டேன். இந்த முறையாவது நேர்மையாக இருப்போம் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தின் டார்வின் தாள்களுக்கான பட்டியலை இணையத்தில் திறந்தேன். நேர்மை எனக்கு ஒத்துவராது என்பது அங்கேதான் உறுதியானது.

நான் தேட நினைத்தது இதுதான். முக உணர்ச்சிகளைப் பற்றி 1872-இல் டார்வின் வெளியிட்ட நூலில் இலங்கையிலிருந்து வந்த தகவல்கள் உண்டு. அவற்றை அவருக்கு யார் எழுதி அனுப்பினார்கள்? தமிழ் வாசகருக்குப் பிடித்த விஷயம், தலைப்புகூடத் தயார். பட்டியலில் "Ceylon" என்று தட்டினேன். பிறகு "emotions", பிறகு "weeping". கடைசியில் கோபத்தில் "Tamil". நான் எதிர்பார்த்தது 'இலங்கைக் கடிதங்கள்' என்று ஒரு பெட்டி. அப்படி ஒரு பெட்டி அங்கே இல்லை. பட்டியல் தயாரித்தவர்கள் அலட்சியமானவர்கள் என்று முடிவு கட்டினேன். என் அறியாமைக்கு அடுத்தவரைக் காரணமாக்க எனக்கு அதிக நேரம் தேவைப்படுவதில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்ப் புலம்பினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, அந்தப் பட்டியலுக்கு ரெண்டே கேள்விக்குத்தான் பதில் தெரியும். யாரு, எப்போ. நீங்க எதைப் பத்தின்னு கேக்கறீங்க" என்றார்.

"அப்ப எதைப் பத்தின்னு கேக்கவே முடியாதா சார்?"

"முடியும். அதை யாரு, எப்போன்னு மாத்திக் கேக்கணும்."

மாற்றுவது எப்படி என்று அவர் காட்டியது எளிமையாக இருந்தது. எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் எரிச்சல். முதலில் ஆவணத்தை விட்டுவிட்டு அச்சான புத்தகத்துக்குப் போக வேண்டும். டார்வின் தமக்குத் தகவல் தந்தவர்களை நூலின் முன்பகுதியிலேயே பெயர் சொல்லி எழுதுவார். இலங்கைக்கு க்ளெனி என்ற பாதிரியார் பெயர் வருகிறது. அதே தீவில் பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பில் த்வெயிட்ஸ் என்பவர் 1849 முதல் மூன்று பத்தாண்டுகள் இருந்தார். அவரும் டார்வினோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர். 'யார்' கிடைத்துவிட்டது. உணர்ச்சி பற்றிய கேள்வித்தாளை டார்வின் உலகின் பல மூலைகளுக்கு அனுப்பியது 1867-ஐ ஒட்டிய ஆண்டுகளில். நூல் வந்தது 1872. ஆக 'எப்போ' அந்த ஐந்தாறு வருடம். இப்போது பட்டியலுக்குத் திரும்பினால் அது வாய் திறக்கிறது. அங்கே டார்வினுக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி DAR 159 முதல் 184 வரையான தொகுதிகளில் எழுதியவர் பெயரின் அகரவரிசையில் இருக்கிறது. T எழுத்துக்கு DAR 178. த்வெயிட்ஸ் அங்கே இருப்பார். இலங்கை என்ற சொல் பட்டியலில் எங்கும் வரத் தேவையே இல்லை.

இதைக் கற்றுக்கொண்டதும் தலைகால் புரியவில்லை. பெயர் போட்டால் கடிதம் வரும் என்ற ஒற்றைச் சூத்திரத்தோடு அடுத்த குழிக்குள் இறங்கினேன். கட்டுரையின் உச்சக் காட்சிக்கு எனக்கு வேண்டியது, 1858-இல் டார்வின் தம் நண்பரான புவியியலாளர் லயலுக்கு எழுதிய பிரபலமான கடிதம். டெர்னேட் தீவிலிருந்து இயற்கையாளர் வாலஸ் அனுப்பிய கட்டுரை கையில் கிடைத்த அன்றே டார்வின் அதிர்ந்துபோய் எழுதியது அது. இருபது வருடமாகத் தாம் அடைகாத்த கருத்தை வேறொருவர் எழுதி, தமக்கே அனுப்பியிருக்கிறார். முந்திக்கொண்டுவிடுவார்கள் என்று லயல் எச்சரித்தது பலித்துவிட்டது என்று அதில் சொல்கிறார். லயல் என்றால் L எழுத்து. ஆகவே DAR 170. போய்த் தேடினேன். இல்லை. அடுத்த தொகுதியிலும் இல்லை.

இங்கே நான் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்தது. கடிதம் எழுதியவர் அதைத் தபாலில் போட்டுவிடுகிறார். அது அவர் வீட்டில் இருக்காது. ஒருவரின் தாள்களில் பெரும்பாலும் இருப்பது அவருக்கு வந்த கடிதங்கள்தான். அவர் எழுதியவை மற்றவர்களின் மேசை இழுப்பறைகளுக்குப் போய், அவர்கள் இறந்த பிறகு எந்த ஊர் நூலகம் வாங்கியதோ அங்கே சேர்ந்துவிடும். டார்வின் லயலுக்கு எழுதியவை பிலடெல்பியாவில் அமெரிக்கத் தத்துவக் கழகத்தில் உள்ளன. தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதியவை ஹார்வர்டில் கிரேயின் உலர்தாவரச் சேகரிப்போடு உள்ளன. கிரே எழுதிய பதில்கள் மட்டும் கேம்பிரிட்ஜில், DAR 165-இல். ஓர் உரையாடலைக் கேட்க அட்லாண்டிக் கடலின் இரண்டு கரையிலும் நிற்க வேண்டும். ஹூக்கர் விஷயத்தில் மட்டும் அதிர்ஷ்டம். டார்வின் அவருக்கு எழுதியவை DAR 94, 95, 114, 115-லும், அவர் டார்வினுக்கு எழுதியவை DAR 100 முதல் 104 வரையிலும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அந்த அதிர்ஷ்டத்தைத்தான் நான் பொது விதி என்று நினைத்துக்கொண்டேன்.

அதனால்தான் ஒரு மனிதரின் கடிதங்களுக்கு இரண்டு வகைப் பட்டியல் தேவைப்படுகிறது. ஒன்று, ஒரு நூலகத்தில் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்வது. டார்வின் தாள்களுக்கு 1960-இல் அச்சான கைப்பட்டியல் அந்த வகை. அது பெட்டியின் வரிசையில் போகும், பெட்டிக்குள் ஆளின் வரிசையில் போகும். இன்னொன்று, எந்த ஊரில் இருந்தாலும் பரவாயில்லை என்று எல்லாக் கடிதங்களையும் நாள் வரிசையில் அடுக்குவது. 1985-இல் வந்த டார்வின் கடிதக் காலவரிசைப் பட்டியல் அந்த வகை. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் எண், நாள், யாருக்கு அல்லது யாரிடமிருந்து, இரண்டு வரிச் சுருக்கம், இப்போது இருக்குமிடம். அதன் வாரிசுதான் டார்வின் கடிதத் திட்டத்தின் இணையத் தொகுப்பு. 15,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள், 30 அச்சுத் தொகுதிகள். தேதி தெரிந்தால் இதில் நுழைந்து ஆளைப் பிடிக்கலாம். ஆள் தெரிந்தால் கைப்பட்டியலில் நுழைந்து தாளைப் பிடிக்கலாம். நான் பெட்டிப் பட்டியலை வைத்துக்கொண்டு, கேம்பிரிட்ஜில் இல்லாத கடிதம் உலகத்திலேயே இல்லை என்று குறிப்பெழுதி வைத்திருந்தேன். நல்லவேளை, அச்சேறவில்லை.

நாள் வரிசையில் தேடியதும் லயல் கடிதம் உடனே கிடைத்தது. திரையில் இப்படி:

```
DCP-LETT-2285
To Charles Lyell   18 [June 1858]
```

ஆஹா என்று என் கட்டுரையில் "1858 ஜூன் 18 என்று தேதியிட்டு டார்வின் எழுதினார்" என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்த வாக்கியத்தில் ஒரே ஒரு சொல்தான் உண்மை என்று நூலகர் சார் சொன்னபோது டீ ஆறிவிட்டிருந்தது. எந்தச் சொல் என்று கேட்டேன். "பதினெட்டு" என்றார்.

டார்வின் தாளின் தலையில் போட்டது ஊர் முகவரியும் 18 என்ற எண்ணும் மட்டும். மாதமும் வருடமும் பதிப்பாளர்கள் கண்டுபிடித்துச் சேர்த்தவை. சதுர அடைப்பு அதைத்தான் சொல்கிறது: இதற்குள் இருப்பது கடிதத்தில் இல்லை, நாங்கள் ஊகித்தது. நான் அந்த அடைப்பை ஏதோ அச்சு அலங்காரம் என்று தாண்டிப் போயிருந்தேன். டார்வினுக்கு வருடம் போடும் பழக்கம் மிகக் குறைவு. உயிரினங்கள் மாறும் என்ற நம்பிக்கையை அவர் ஹூக்கரிடம் முதன்முதலாக வெளியிட்ட கடிதத்தின் (DAR 114: 3) தேதி முழுவதுமே அடைப்புக்குள் இருக்கிறது: [11 January 1844]. காலவரிசைப் பட்டியலை விரித்தால் பக்கத்துக்குப் பக்கம் அடைப்புகள். எல்லாம் யாரோ உட்கார்ந்து யோசித்த யோசனை.

எப்படி யோசிக்கிறார்கள்? முகவரியிலிருந்து தொடங்குவார்கள். டார்வின் டவுன் கிராமத்துக்குக் குடிபோனது 1842 செப்டம்பரில். அந்த முகவரி இருந்தால் கடிதம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. தபால் ஊராக பெக்கன்ஹாம் என்று இருந்தால் 1860-களின் கடைசிக்குப் பிந்தையது. 'வியாழன் 11' என்றெல்லாம் கிழமையும் எண்ணும் சேர்ந்து கிடைத்தால் பஞ்சாங்கம் பாதி வேலையைச் செய்துவிடும், பொருந்தும் மாதங்கள் சிலவே மிஞ்சும். பிறகு பதில் கடிதம். பதிலில் தேதி இருந்தால் கேள்வியின் தேதி அதற்கு முன்பாக நெருங்கி வரும். லயல் கடிதத்துக்கு இந்தச் சங்கிலி நன்றாகவே இருக்கிறது. அடுத்த வாரம் இன்னொரு கடிதம் லயலுக்குப் போகிறது. 1858 ஜூலை 1-ஆம் தேதி டார்வின், வாலஸ் இருவரின் எழுத்துகளும் லின்னேயன் கழகத்தில் வாசிக்கப்படுகின்றன. அதற்கு முன்னால் வரும் 18 ஜூனில் என்பது இயல்பான கணக்கு.

ஆனாலும் அந்த அடைப்புக்குள் சண்டை நடந்திருக்கிறது. கட்டுரை வந்த அன்றே எழுதியதாகக் கடிதம் சொல்வதால், கடிதத்தின் தேதிதான் கட்டுரை வந்த தேதி. வாலஸ் அதே பகுதியிலிருந்து 1858 மார்ச் 2 தேதியிட்டு பிரெடெரிக் பேட்ஸுக்கு எழுதிய கடிதம் உறையோடு தப்பியிருக்கிறது. அதில் லெஸ்டர் நகரத் தபால் முத்திரை ஜூன் 3. இரண்டும் ஒரே கப்பலில் வந்திருந்தால் டார்வினுக்கும் ஜூன் முதல் வாரத்திலேயே வந்திருக்க வேண்டும். அப்படியானால் இரண்டு வாரம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்ற கேள்வி வருகிறது. 18 என்பது மே மாதத்து 18 என்றுகூட வாதாடியவர்கள் உண்டு. எதிர்த்தரப்பு, வாலஸின் கட்டுரை மார்ச் கப்பலில் போகவில்லை, டார்வினின் முந்தைய கடிதம் மார்ச்சில் வாலஸுக்கு வந்து சேர்ந்த பிறகு அதற்குப் பதிலாகவே அடுத்த கப்பலில் ஏப்ரலில் போனது, அப்படியானால் ஜூன் 18 கணக்குச் சரியாக வருகிறது என்கிறது. கப்பல் அட்டவணைகளை வைத்துப் பார்த்தால் எனக்கு இந்தத் தரப்புதான் வலுவாகத் தெரிகிறது. எப்படியிருந்தாலும் ஒரு மனிதர் அடுத்தவர் கருத்தைத் திருடினாரா இல்லையா என்ற வழக்கின் முக்கிய சாட்சி அந்த அடைப்புக்குள் இருக்கும் மாதம். நான் அதை ஒரு விரலால் அழித்துவிட்டு டீ குடிக்கப் போனவன்.

இந்தச் சண்டையை ஒரு நிமிடத்தில் தீர்த்துவிடலாமே என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. வாலஸின் கடிதத்தையும் அதன் உறையையும் பார்த்தால் போயிற்று. வாலஸ் டார்வினுக்கு எழுதிய கடிதங்கள் DAR 106-இல் இருக்கின்றன. 1858 மார்ச்சைத் தேடினேன். இல்லை. இந்த முறை அடக்கமாகச் சந்தேகப்பட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல், வெளிநாட்டு நூலகம் ஒன்றின் பொது முகவரிக்கு நல்ல ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அறிவியல் வரலாற்றின் மிக முக்கியமான கடிதம் ஒன்று உங்கள் பட்டியலில் விடுபட்டிருக்கிறது, திருத்திக்கொள்ளவும் என்று. மிக மரியாதையான பதில் வந்தது. அந்தக் கடிதம் விடுபடவில்லை, கிடைக்கவே இல்லை, ஒன்றரை நூற்றாண்டாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். என் கவனத்துக்கு நன்றி என்றும் எழுதியிருந்தார்கள். அந்த நன்றியை நான் இன்னும் மறக்கவில்லை.

டார்வினின் மகன் பிரான்சிஸ் அப்பாவின் பழக்கத்தை எழுதி வைத்திருக்கிறார். நம்மூர்க் கடைகளில் பில்லைக் குத்தி வைக்கும் கம்பியைப் போல, டார்வின் வந்த கடிதங்களைக் கம்பிகளில் குத்தி வைப்பார். கம்பி நிறைந்ததும் சில வருடத்துக் கடிதங்களைக் கொளுத்திவிட்டுக் கம்பியைக் காலியாக்கிக்கொள்வார். சுமார் 1862 வரை இதே கதை. அதற்குப் பிறகுதான் சேர்த்து வைக்கத் தொடங்கினார். இது தெரியாமல் காலவரிசைப் பட்டியலைப் பார்த்தால் 1850-களில் டார்வின் ஊருக்கெல்லாம் எழுதியதாகவும் யாரும் பதில் போடாததாகவும் தோன்றும். நான் அப்படியே ஒரு பத்தி எழுதியும் வைத்திருந்தேன். 'தனிமையின் பத்தாண்டு' என்று துணைத்தலைப்பு. உருக்கமான பத்தி. தனிமையாக இருந்தவர் டார்வின் இல்லை, அவருடைய கம்பிதான்.

பட்டியலில் ஓர் இடம் காலியாக இருந்தால் அங்கே மூன்று விஷயத்தில் ஒன்று இருக்கலாம் என்று சார் சொன்னார். கடிதம் எழுதப்படவே இல்லை. எழுதப்பட்டு அழிந்தது. எழுதப்பட்டு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க எதிர்த்தரப்புக் கடிதத்தைப் படிக்க வேண்டும். 1857 மே 1-இல் வாலஸுக்கு டார்வின் எழுதிய கடிதம், வாலஸின் அக்டோபர் கடிதம் வந்து சேர்ந்ததை முதலில் சொல்கிறது. அந்த அக்டோபர் கடிதம் இன்று இல்லை. ஆனால் எழுதப்பட்டது என்பதற்கு இதுவே சாட்சி. ஆக அது அழிந்த வகை.

மூன்றாம் வகைக்கும் வாலஸே உதாரணம். 1857 செப்டம்பரில் அவர் எழுதிய ஒரு கடிதத்தின் துண்டு மட்டும் தப்பியிருக்கிறது. அது மற்ற வாலஸ் கடிதங்களோடு DAR 106-இல் இல்லை. DAR 47: 145 என்ற இடத்தில், டார்வினின் ஆராய்ச்சிக் குறிப்புகளுக்கு நடுவே இருக்கிறது. காரணம் எளிது. தமக்குத் தேவையான தகவல் ஒரு கடிதத்தில் இருந்தால் டார்வின் கத்தரியை எடுத்து அந்தப் பகுதியை வெட்டி, சம்பந்தப்பட்ட பொருளுக்கான உறைக்குள் போட்டுவிடுவார். மீதி கம்பிக்கு, அங்கிருந்து நெருப்புக்கு. வெட்டியதால் பிழைத்த துண்டு இது. DAR 205 வரிசையிலும் இப்படிப் பொருள்வாரியாகப் பிரித்த கட்டுகள் உண்டு. அங்கேயும் பலருடைய கடிதத் துண்டுகள் எழுதியவர் பெயர் பற்றிய கவலையில்லாமல் கிடக்கின்றன. ஆள் வரிசையில் தேடினால் மாட்டாது. காலவரிசைப் பட்டியலில் ஒரே கடிதத்துக்கு இரண்டு இருப்பிட எண்கள் இருந்தால், வெட்டுப்பட்ட இரண்டு துண்டுகளைப் பதிப்பாளர்கள் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். இன்னொரு இடத்தில் பாதியில் நின்ற ஒரு கடிதத்தைப் பார்த்து, காலம் அரித்துத் தின்ற தாள் என்று நான் எழுதியிருந்ததையும் இங்கே சொல்லிவிடுகிறேன். காலம் பாவம், அதற்கும் கத்தரிக்கும் சம்பந்தமில்லை.

ஆள் வரிசையிலேயே இன்னொரு வழுக்கல் இருக்கிறது, அதையும் விடாமல் வழுக்கினேன். ஹூக்கர் என்று இரண்டு பேர். அப்பா வில்லியம் ஜாக்சன், 1865-இல் இறந்தவர். மகன் ஜோசப் டால்டன், டார்வினின் நெருங்கிய நண்பர். இருவருமே கியூ தோட்டத்தின் இயக்குநர்கள். முதலெழுத்தைப் பார்க்காமல் அப்பாவின் கடிதத்தை மகன் கணக்கில் எழுதி, நண்பருக்குத் திடீரென்று இவ்வளவு மரியாதை ஏன் என்று ஓர் உளவியல் விளக்கமும் தந்திருந்தேன்.

எண்கள் விஷயத்திலும் ஒன்று. DCP-LETT எண்கள் 1985-இல் தேதி வரிசைப்படி இடப்பட்டவை. பிறகு சில கடிதங்களின் தேதி திருத்தப்பட்டது, எண் மட்டும் பழையபடியே நின்றது. புதிதாகக் கிடைத்தவற்றுக்கு இடையில் எழுத்து ஒட்டிய எண் கொடுத்தார்கள். ஆக எண் அடுத்தடுத்து இருப்பதால் கடிதங்களும் அடுத்தடுத்து எழுதப்பட்டவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேற்கோள் காட்டும்போது எண்ணையும் இருப்பிடத்தையும் தேதியையும் அடைப்போடு அப்படியே எழுத வேண்டும். தேதி நாளைக்கு மாறினாலும் அடுத்தவர் அதே தாளுக்கு வந்து சேர இந்த மூன்றும் வேண்டும்.

இதையெல்லாம் கற்று, கட்டுரையை முழுக்கத் திருத்தினேன். தனிமையின் பத்தாண்டு போனது. காலம் அரித்த தாள் போனது. லயல் கடிதத்துக்கு "18 [ஜூன் 1858]" என்று அடைப்போடு போட்டு, அதற்கு ஒரு பத்தி விளக்கமும் எழுதி அனுப்பினேன். இதழ் வந்தது. அந்தப் பத்தி இடமில்லாமல் வெட்டப்பட்டிருந்தது, அதில் எனக்கு வருத்தமில்லை. வரியில் "1858 ஜூன் 18 தேதியிட்ட கடிதம்" என்று இருந்தது. மெய்ப்பு பார்த்த தம்பிக்கு போன் செய்தேன்.

"அண்ணே, நீங்க தேதிக்கு நடுவுல ஏதோ பிராக்கெட் போட்டு விட்டுட்டீங்க. டைப்பிங் மிஸ்டேக்னு தெரிஞ்சது, நானே சரி பண்ணிட்டேன்" என்றார்.

நன்றி சொன்னேன்.